லாபம் திரையில் மட்டும்: 'உறுதியான வருமானம்' தரும் கரன்சி டிரேடிங்கை நம்பலாமா?

2008 ஜூலையிலிருந்து 2009 செப்டம்பர் வரை திருப்பூரில் 'பாசி' என்ற நிறுவனம் ஊர் முழுக்கப் பேசப்பட்டது. அந்நியச் செலாவணியை ஆன்லைனில் வாங்கி விற்கிறோம், போட்ட பணத்துக்குக் குறுகிய காலத்தில் பெரிய லாபம் தருகிறோம் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். பனியன் தொழிலில் டாலர் என்பது அன்றாடப் பேச்சு. ஏற்றுமதி செய்கிறவருக்கு டாலர் ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம் என்பது கண்கூடு. அதனால் 'டாலர் ஏறி இறங்குவதில் சம்பாதிக்கிறோம்' என்ற பேச்சு அந்த ஊரில் யாருக்கும் அந்நியமாகப் படவில்லை. வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போய் விசாரணை முடிந்தபோது கணக்கு இப்படி நின்றது: ஏமாந்தவர்கள் 1,402 பேர், தொகை சுமார் 930 கோடி ரூபாய். 2022 ஆகஸ்டில் கோவையில் உள்ள முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்ட சிறப்பு நீதிமன்றம், இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறையும் 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது.

தீர்ப்பு வர பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. பணம் போட்டபோது பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்குக் கல்யாணமே முடிந்திருக்கும். அதனால் இப்படிப்பட்ட திட்டங்களைப் பணம் கைமாறுவதற்கு முன்பே அடையாளம் காண்பதுதான் உண்மையான பாதுகாப்பு. அதற்குப் பொருளாதாரப் படிப்பு தேவையில்லை. ஒரு சின்னக் கணக்கும், செல்போனில் அரை மணி நேரமும் போதும்.

முதலில் கணக்கு. மாதம் 10 சதவீதம் 'கேரண்டி' என்கிறார் ஒருவர். 1 லட்ச ரூபாய் மாதம் 10 சதவீதம் வளர்ந்து, லாபமும் அதிலேயே சேர்ந்தால், ஒரு வருடத்தில் 3 லட்சத்து 13 ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஐந்து வருடம் விட்டால் 3 கோடிக்கு மேல். இப்படி உறுதியாகச் சம்பாதிக்கத் தெரிந்த மனிதர் வங்கியில் வருடத்துக்கு 12, 15 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினாலே போதும். சில வருடங்களில் பெரும் கோடீஸ்வரர் ஆகிவிடலாம். அவர் ஏன் தெருத்தெருவாக ஆள் வைத்து, ரிட்டயர் ஆனவரின் கிராஜுவிட்டியையும் நகை அடகு வைத்த பணத்தையும் கேட்கிறார்? இந்தக் கேள்விக்கு நேரான பதில் எந்த ஏஜென்டிடமிருந்தும் வராது.

நாணயச் சந்தை உண்மையில் எவ்வளவு தரக்கூடியது என்றும் பார்க்கலாம். இந்தியப் பங்குச் சந்தைகளில் டாலர்-ரூபாய் ஒப்பந்தம் ஒரு லாட் 1,000 டாலர். டாலரின் விலை ஒரு நாளில் 25 பைசா நகர்ந்தால் ஒரு லாட்டுக்கு 250 ரூபாய் வரும் அல்லது போகும். ஒருவருக்கு அந்த 250 வந்தால், எதிர்ப்பக்கம் நின்ற இன்னொருவருக்கு அதே 250 போகிறது. நடுவில் புரோக்கர் கட்டணமும் சந்தைக் கட்டணமும் இருவரிடமும் கழிகின்றன. ஆகவே எல்லாருடைய கணக்கையும் கூட்டிப் பார்த்தால் இந்தச் சந்தை லாபத்தை உற்பத்தி செய்வதே இல்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் திறமைசாலி சில மாதம் ஜெயிக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாதமும் இவ்வளவு என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது.

அப்படியானால் அந்த நிறுவனங்கள் முதல் சில மாதம் சொன்னபடி பணம் கொடுக்கின்றனவே, அது எங்கிருந்து வருகிறது?

நூறு பேர் ஆளுக்கு 1 லட்சம் கட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்தது 1 கோடி. ஆள் சேர்த்த ஏஜென்டுகளுக்கு 5 சதவீதம், அதாவது 5 லட்சம் போனது. மீதி 95 லட்சம். மாதம் 10 சதவீதம் என்றால் மாதா மாதம் 10 லட்சம் கொடுக்க வேண்டும். ஒரு டாலர்கூட வாங்காமல், விற்காமல், அந்தப் பணத்திலிருந்தே ஒன்பது மாதம் தவறாமல் கொடுக்கலாம். பத்தாவது மாதம் கையில் இருப்பது 5 லட்சம், தேவை 10 லட்சம். அதற்குள் புதிதாக இன்னொரு நூறு பேர் வந்துவிட்டால் வண்டி மேலும் ஓடும். வராவிட்டால் ஒரு நாள் காலையில் அலுவலகம் பூட்டியிருக்கும். இந்த ஒன்பது மாதத்தில் பணம் வாங்கியவர்கள் வாங்கியது அவரவர் பணத்தைத்தான். ஒருவர் 90 ஆயிரம் வாங்கிவிட்டு, 'என் முதல் 1 லட்சம் அப்படியே இருக்கிறது' என்று நம்பிக்கொண்டிருப்பார். அது எப்போதோ தீர்ந்துபோயிருக்கும்.

இதில் மனதை வருத்துவது ஒன்று உண்டு. உறவினரைச் சேர்த்துவிடுகிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. 'மாமா, எனக்கு ஏழு மாசமா ஒண்ணாந்தேதி டாண்ணு வருது' என்று சொல்லும்போது அவர் சொல்வது நிஜம். பாஸ்புக்கைக்கூடக் காட்டுவார். அந்த வரவுதான் அடுத்த பத்துப் பேரைக் கூட்டி வருகிறது. எனவே 'எனக்கு வந்தது' என்பது ஒரு திட்டம் உண்மையானது என்பதற்குச் சாட்சி ஆகாது. தங்கத்தின் பெயரால் நடந்த ஆருத்ரா மோசடியில் சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரண்டதும் இந்த வாய்வழிச் சாட்சியங்களால்தான். சரக்கு தங்கமா, டாலரா என்பது மேலட்டை மட்டுமே.

பாசி காலத்தில் அலுவலகம் இருந்தது, ரசீது இருந்தது, போய்க் கதவைத் தட்ட ஓர் இடமாவது இருந்தது. இப்போது மோசடி செல்போனுக்குள் வந்துவிட்டது. அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்றுக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

சேலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இது ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால் இதன் ஒவ்வொரு படியும் சைபர் கிரைம் புகார்களில் திரும்பத் திரும்ப வருவது. ஒரு நாள் அவரை யாரோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறார்கள். குழுவில் நூற்றைம்பது பேர். காலையில் 'குட் மார்னிங்', பிறகு 'இன்றைய சிக்னல்': யூரோ-டாலரை இந்த விலையில் வாங்கு, இந்த விலையில் விற்றுவிடு. சாயங்காலம் ஆளாளுக்கு லாப ஸ்க்ரீன்ஷாட் போட்டு 'நன்றி சார்' என்கிறார்கள். அந்த நூற்றைம்பது பேரில் நிஜமான ஆள் அவர் ஒருவர் மட்டுமாகக்கூட இருக்கலாம். மற்ற எண்களை ஒரே கும்பல் இயக்கலாம். இரண்டு வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு பெண் தனியாகச் செய்தி அனுப்புகிறார். 'வணக்கம் சார், நான் உங்க ரிலேஷன்ஷிப் மேனேஜர். பத்தாயிரத்துல ஆரம்பிங்க, பயமே வேண்டாம்.' கூடவே ஒரு லிங்க். பிளே ஸ்டோரில் தேடினால் கிடைக்காத ஆப் அது. லிங்கை அழுத்தி நேரடியாக இறக்க வேண்டும்.

ஆப் அசல் போலவே இருக்கிறது. விலைகள் நொடிக்கு நொடி மாறுகின்றன. அவை உலகச் சந்தையின் உண்மை விலைகள்கூட ஆக இருக்கலாம், ஏனென்றால் விலை ஓட்டத்தை யார் வேண்டுமானாலும் ஆப்பில் காட்டலாம். உலகெங்கும் புழங்கும் மெட்டாடிரேடர் போன்ற மென்பொருளிலும் இதே சிக்கல் உண்டு. மென்பொருள் அசலாக இருக்கும். ஆனால் அதன் பின்னால் உள்ள சர்வர் அந்த நிறுவனத்தின் கையில் இருக்கும். வாடிக்கையாளர் 'வாங்கு' என்று அழுத்தியதும் அந்த ஆர்டர் எந்தச் சந்தைக்கும் போக வேண்டியதில்லை. சர்வரில் ஓர் எண் மாறினால் போதும். அவர் கணக்கில் 10 ஆயிரம் 13 ஆயிரம் ஆகிறது. 'எடுத்துப் பாருங்க சார்' என்கிறார் மேனேஜர். 3 ஆயிரம் எடுக்கிறார். பத்து நிமிடத்தில் வங்கிக் கணக்கில் விழுகிறது. சந்தேகம் தீர்ந்துவிட்டது. அடுத்து 2 லட்சம், பிறகு நகைக் கடன் வாங்கி இன்னும் 5 லட்சம்.

திரையில் அது 19 லட்சமாக நிற்கும்போது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 4 லட்சம் எடுக்கப் பார்க்கிறார். 'வித்ட்ரா செய்ய முதலில் 20 சதவீதம் வரி கட்ட வேண்டும்' என்று வருகிறது. 'லாபத்திலேயே கழிச்சுக்கோங்க' என்கிறார். 'விதி அப்படி இல்லை சார், வரியைத் தனியாகத்தான் கட்டணும், கட்டினதும் முழுத் தொகையும் ஒரே மணி நேரத்தில் வரும்.' கட்டுகிறார். அடுத்து 'கணக்கு முடக்கம் நீக்கக் கட்டணம்'. அதற்குப் பிறகு பதில் வருவதில்லை.

இந்த 'வரி' கேட்கும் கட்டத்தை ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பதிவு பெற்ற புரோக்கரிடம் தரகு, சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி, முத்திரைத் தீர்வை எல்லாம் கணக்கில் இருக்கும் தொகையிலிருந்தே கழியும். லாபத்துக்கான வருமான வரியை நாமே பிற்பாடு வருமான வரித் துறைக்குக் கட்டுவோம். நம் பணத்தை எடுப்பதற்கு வெளியிலிருந்து புதிதாகப் பணம் கொண்டுவரச் சொல்லும் முறை எந்த உண்மையான நிறுவனத்திலும் கிடையாது. அதைக் கேட்ட கணத்தில் திரையில் உள்ள 19 லட்சம் வெறும் எண் என்பது உறுதியாகிவிடுகிறது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. போன பணத்தை மீட்கத்தான் மக்கள் அந்தக் கடைசிப் பணத்தை அனுப்புகிறார்கள். அந்தப் பதற்றத்தை எதிர்பார்த்தே அது கேட்கப்படுகிறது.

இனி சரிபார்க்கும் வழி. முதல் கேள்வி, அவர்கள் சொல்லும் வியாபாரம் இந்தியாவில் சட்டப்படி நடக்கக்கூடியதா என்பது. பலர் நேராக 'இந்த புரோக்கர் நல்லவரா' என்று தேடத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம்.

1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவின்படி, இந்தியாவில் வசிப்பவர் அனுமதி பெற்ற அமைப்புகளுடன், அனுமதிக்கப்பட்ட காரணங்களுக்காக மட்டுமே அந்நியச் செலாவணி பரிவர்த்தனை செய்யலாம். மின்னணுத் தளம் என்றால் அது ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்றதாகவோ, என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தையாகவோ இருக்க வேண்டும். அந்தச் சந்தைகளில் கிடைப்பவை ஏழே ஜோடிகள். ரூபாய்க்கு எதிராக டாலர், யூரோ, பவுண்ட், யென் என நான்கு. யூரோ-டாலர், பவுண்ட்-டாலர், டாலர்-யென் என மூன்று. ஆஸ்திரேலிய டாலர், சுவிஸ் ஃபிராங்க், 'கோல்டு-டாலர்' என்று ஐம்பது அறுபது ஜோடிகள் வரிசையாக நிற்கும் ஆப் இந்தியச் சந்தையோடு இணைந்தது அல்ல. அதேபோல 'நூறு டாலர் போட்டால் ஐம்பதாயிரம் டாலருக்கு டிரேட் பண்ணலாம்' என்று ஐந்நூறு மடங்கு லெவரேஜ் காட்டினால் அதுவும் வெளிச்சரக்குதான்.

இந்தியச் சந்தையிலும் ஒரு நிபந்தனை உண்டு. கரன்சி ஒப்பந்தங்கள் செலாவணி ஏற்ற இறக்கத்தால் பாதிக்கப்படுகிறவர் தம்மைக் காத்துக்கொள்வதற்கானவை என்பதை ரிசர்வ் வங்கி 2024-ல் மீண்டும் வலியுறுத்தியது. ஏற்றுமதியாளருக்கு வர வேண்டிய டாலர் போல, ஒப்பந்தம் போடுகிறவருக்கு உண்மையான செலாவணித் தொடர்பு இருக்க வேண்டும். குறிப்பிட்ட வரம்பு வரை அதற்கு ஆவணம் காட்டத் தேவையில்லை என்றாலும், தொடர்பு இருந்தாக வேண்டும். எனவே வீட்டில் இருந்தபடி யாரும் கரன்சி டிரேடிங் செய்து மாதச் சம்பளம் எடுக்கலாம் என்று கூவுகிறவர் சட்டத்தின் அடிப்படையையே மறைக்கிறார்.

வெளிநாட்டு புரோக்கரிடம் மார்ஜின் பணம் அனுப்பவும் அனுமதி இல்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தனிநபர்களுக்குத் தரப்பட்டுள்ள வசதியில் இந்தக் காரணம் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கிறது. வங்கிக்குப் போய் உண்மைக் காரணத்தைச் சொன்னால் வங்கி அனுப்பாது. அதனால்தான் இந்தத் தளங்கள் பணத்தை உள்ளூர் யுபிஐக்கோ, யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கோ, யுஎஸ்டிடி என்ற கிரிப்டோவாகவோ கேட்கின்றன. இங்கே பணம் போட்டவருக்கும் ஆபத்து உண்டு. ஃபெமா மீறலுக்குச் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஏமாந்தவர் புகார் கொடுக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மோசடிக்காரர்களுக்கு அது தெரியும்.

ரிசர்வ் வங்கி தன் இணையதளமான rbi.org.in-ல் 'எச்சரிக்கைப் பட்டியல்' ஒன்றை வைத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் 34 பெயர்களுடன் தொடங்கியது. பிறகு பலமுறை நீண்டது. அங்கீகாரம் இல்லாத ஃபாரெக்ஸ் தளங்களின் பெயரும் இணைய முகவரியும் அதில் இருக்கும். அதில் பெயர் இருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் பெயர் இல்லை என்பது நற்சான்று ஆகாது. பட்டியல் முழுமையானது அல்ல என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. இன்றைக்குத் திறந்த ஆப் நாளைய பட்டியலில் வராது.

விளம்பரமும் நற்சான்று ஆகாது. அந்த முதல் பட்டியலிலேயே இருந்த ஆக்டாஎஃப்எக்ஸ், 2021-ல் ஐபிஎல்லில் டெல்லி கேபிடல்ஸ் அணியின் ஸ்பான்சர்களில் ஒன்று. கிரிக்கெட் ஒளிபரப்பில் பெயர் வந்தால் அரசு அனுமதி இருக்கும் என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள். பின்னர் அமலாக்கத் துறை அதன் மீது விசாரணை நடத்திச் சொத்துகளை முடக்கியது. இந்தியர்கள் கட்டிய பணம் உள்ளூர்ப் போலி நிறுவனங்களின் கணக்குகள் வழியாகத் திரட்டப்பட்டு, சரக்குக் கட்டணம் என்பது போன்ற பொய்க் காரணங்களில் வெளிநாட்டுக்குப் போனது என்பது அமலாக்கத் துறையின் குற்றச்சாட்டு.

இரண்டாவது கேள்வி, புரோக்கர் பதிவு பெற்றவரா? செபியில் பதிவு செய்த பங்குத் தரகருக்கு INZ என்று தொடங்கி ஒன்பது இலக்கங்கள் கொண்ட எண் இருக்கும். sebi.gov.in தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட இடைத்தரகர்கள் பகுதிக்குப் போய் அந்த எண்ணையோ நிறுவனத்தின் முழுப் பெயரையோ தேடலாம். பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் எல்லாம் வரும். அவர் கரன்சிப் பிரிவிலும் பதிவு பெற்றவரா என்பதையும் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். மோசடிக்காரர்களும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். சேலத்துக் கடைக்காரர் 'உங்களுக்கு செபி லைசென்ஸ் இருக்கா தம்பி?' என்று கேட்டிருந்தால், நல்ல அச்சில் ஒரு சான்றிதழ் வந்திருக்கும். அதில் உள்ள எண்ணைத் தேடினால் செபி தளத்தில் உண்மையிலேயே ஒரு பெரிய நிறுவனம் வரும். எண் அசல், நிறுவனமும் அசல். அந்த எண்ணைக் காட்டுகிறவர்தான் போலி. எனவே எண்ணைச் சரிபார்ப்பதோடு, செபி பக்கத்தில் உள்ள தொலைபேசி எண்ணை நாமே அழைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அவர்கள் தந்த எண்ணை அழைக்கக் கூடாது. 'இந்தப் பெயரில் ஒருவர் பேசினார், இந்த ஆப்பை இறக்கச் சொன்னார், இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னார். இது உங்களுடையதா?' என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆப்பை அவர்கள் அனுப்பும் லிங்கிலிருந்து இறக்காமல், செபி பட்டியலில் உள்ள நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து போய் இறக்க வேண்டும்.

எண்ணின் முதல் எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். INA என்றால் முதலீட்டு ஆலோசகர். INH என்றால் ஆய்வாளர். இவர்கள் யோசனை சொல்லிக் கட்டணம் வாங்கலாம். டிரேடிங் செய்ய நம் பணத்தைத் தம் கணக்கில் வாங்க இவர்களுக்கு உரிமை இல்லை. லாபத்துக்கு உறுதி தரவும் இவர்களில் எவருக்கும் அனுமதி கிடையாது. பதிவு பெற்ற புரோக்கருக்கும் கிடையாது. ஆகவே 'செபி பதிவு பெற்ற நாங்கள் மாதம் 8 சதவீதம் உறுதி தருகிறோம்' என்ற ஒரே வாக்கியத்தில் ஒன்று நிச்சயம் பொய்: பதிவு பொய், அல்லது பதிவு பெற்றவர் விதியை மீறுகிறார். இரண்டில் எது என்று கண்டுபிடிக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

உள்ளூர் அலுவலகங்களின் சுவரில் தொங்கும் சான்றிதழ்கள் வேறு வகை. கம்பெனி பதிவுச் சான்று, ஜிஎஸ்டி பதிவு, சிறுதொழில் உத்யம் சான்று, ஐஎஸ்ஓ என்று வரிசையாகக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். எல்லாமே உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் இவற்றில் ஒன்றுகூடப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கவோ அந்நியச் செலாவணி வியாபாரம் செய்யவோ அனுமதி தருவதில்லை. இட்லி மாவுக் கடைக்கும் இதே சான்றுகளை வாங்கலாம்.

சில ஏஜென்டுகள் வெளிநாட்டு உரிமத்தைக் காட்டுவார்கள். 'செயின்ட் வின்சென்ட்டில் பதிவு பெற்றது' என்று இருக்கும். கரீபியன் கடலில் உள்ள அந்தச் சிறு நாட்டின் நிதிச் சேவை ஆணையம், ஃபாரெக்ஸ் புரோக்கர்களுக்குத் தான் உரிமம் தருவதும் இல்லை, அவர்களைக் கண்காணிப்பதும் இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. அங்கே இருப்பது கம்பெனிப் பெயர்ப் பதிவு மட்டும். இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் உரிமம் அந்தந்த நாட்டில் மதிப்புடையதுதான். ஆனால் அது இந்தியாவில் இருப்பவரிடம் பணம் வாங்க அனுமதி ஆகாது. அந்நாடுகளில் வாழும் தமிழர்கள் லண்டனில் எஃப்சிஏ பதிவேட்டையும், சிங்கப்பூரில் நாணய ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலையும் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. பணம் யார் பெயருக்குப் போகிறது? பதிவு பெற்ற புரோக்கருக்குப் பணம் போகும்போது, வாங்கும் கணக்கு அந்த நிறுவனத்தின் பெயரில், வாடிக்கையாளர் பணத்துக்கென்றே உள்ள கணக்காக இருக்கும். ஊரில் அந்த புரோக்கரின் ஏஜென்டாக முறைப்படி நியமிக்கப்பட்டவர்கூடத் தம் சொந்தக் கணக்கில் வாடிக்கையாளர் பணத்தை வாங்கக் கூடாது. யுபிஐயில் அனுப்பும் முன் திரையில் பெயர் வருகிறதல்லவா? அங்கே ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஒரு டெக்ஸ்டைல்ஸ், ஒரு தனிமனிதர் பெயர் வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கணக்கு எண் வருவதும் அதே அறிகுறிதான். பழைய கணக்கை வங்கி முடக்கிவிட்டது என்பதே அதன் பொருள். 'இன்னிக்கு லிமிட் முடிஞ்சிருச்சு சார்' என்று காரணம் சொல்வார்கள்.

இதற்காகவே செபி 2025 அக்டோபரில் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும் தனி யுபிஐ முகவரி. அதில் @valid என்றும் அதை ஒட்டி வங்கியின் பெயரும் இருக்கும். பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் ஒரு கட்டைவிரல் குறியும் தெரியும். யுபிஐ இல்லாமல் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால், 'செபி செக்' என்ற சேவையில் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் போட்டு, அது பதிவு பெற்ற நிறுவனத்தின் கணக்குதானா என்று பார்க்கலாம். செபி தளத்திலும் அதன் சாரதி ஆப்பிலும் இது இருக்கிறது. பெயரையும் எண்ணையும் திருடலாம். பணம் போய்ச் சேரும் கணக்கைத் திருட்டுப் பெயரில் இந்தச் சோதனையைத் தாண்ட வைப்பது மிகக் கடினம்.

ஏற்கெனவே கணக்குத் தொடங்கிவிட்டவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. அசல் டிரேடிங் நடந்தால் அதன் தடயம் புரோக்கரின் ஆப்புக்கு வெளியேயும் இருக்கும். டிரேட் நடந்த 24 மணி நேரத்துக்குள் ஒப்பந்தக் குறிப்பு மின்னஞ்சலில் வர வேண்டும். பங்குச் சந்தையிடமிருந்தும் அன்றைய டிரேட் பற்றிக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ நேரடியாக வரும். ஆப்பில் மட்டும் லாபம் ஏறிக்கொண்டிருக்கிறது, சந்தையிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்றால், அந்த டிரேட் எங்கும் நடக்கவில்லை.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் நேரம்தான் முக்கியம். மோசடிப் பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குச் சில மணி நேரத்தில் பிரிந்துவிடும். உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், cybercrime.gov.in-லும் புகார் பதியலாம். ஒவ்வொரு பரிமாற்றத்தின் தேதி, தொகை, யுடிஆர் எண், வாங்கியவரின் கணக்கு அல்லது யுபிஐ முகவரி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தால், அடுத்தடுத்த வங்கிகளில் பணத்தை நிறுத்திவைக்க அது உதவும். கோபத்தில் ஆப்பை அழித்துவிடக் கூடாது; வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன் உரையாடல், எண்கள், லிங்க் எல்லாவற்றையும் சேமிக்க வேண்டும். ஊரில் அலுவலகம் வைத்து டெபாசிட் வாங்கிய நிறுவனமென்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, நீதிமன்றம் வழியாகப் பணம் போட்டவர்களுக்குப் பகிர்ந்து தர வழி செய்கிறது. யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமானால் புகார் கொடுத்திருக்க வேண்டும். 'புகார் கொடுத்தா முதலும் வராது, கொஞ்சம் பொறுங்க' என்று ஏஜென்ட் கெஞ்சுவதைக் கேட்டுக் காத்திருந்தவர்கள், சொத்துகள் கைமாறிய பிறகுதான் காவல் நிலையம் போயிருக்கிறார்கள்.

புகார் கொடுத்த சில வாரங்களில் இன்னொரு அழைப்பும் வரக்கூடும். 'உங்கள் பணம் பிடிபட்டுவிட்டது, நாங்கள் மீட்பு நிறுவனம்' அல்லது 'சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம்' என்பார்கள். எவ்வளவு தொகை, எந்த ஆப், எந்தத் தேதி என்று எல்லாமே சரியாகச் சொல்வார்கள். முதல் கும்பலே ஏமாந்தவர்களின் விவரங்களை விற்றிருக்கும், அல்லது அதே கும்பலே வேறு குரலில் பேசும். மீட்டுத் தருவதற்கு முன்பணமாகச் சில ஆயிரம் கேட்பார்கள். காவல்துறையோ நீதிமன்றமோ பணத்தைத் திருப்பித் தருவதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. அழைத்தவரின் எண்ணையும் அவர் கேட்ட தொகையையும் குறித்துக்கொண்டு, முன்பு கொடுத்த அதே புகாரில் கூடுதல் தகவலாகச் சேர்த்துவிடலாம்.